ஒரு கோவை, இரண்டு மரம், 400 ரூபாய் வித்தியாசம்

கேள்வி: "சுன்னாகத்தில் மாமாவின் ஹார்ட்வெயார் கடைக்கு பில் கணக்குப் போடும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதுகிறேன். கோவைகளைப் படிக்கிற பார்சர் பகுதியை, இலக்கணத்தைக் கொடுத்தால் அதை எழுதித் தருகிற பைசனில் செய்தேன். 2 + 3 * 4 போட்டால் 14 என்று சரியாக வருகிறது. 5000 - 500 - 200 போட்டால் 4700 என்கிறது. வகுப்பில் கேட்டதற்கு 'உங்கள் கிராமர் அம்பிகியூஸ், லெவல் பிரித்து எழுதுங்கள்' என்றார்கள். ஒரு கோவைக்கு இரண்டு மரம் என்றால் என்ன? லெவல் பிரித்தால் அது எப்படி இல்லாமல் போகிறது? பாடமாக்காமல் விளங்கிக்கொள்ள ஆசை. என் இலக்கணம் கீழே."

```
expr : expr '+' expr
     | expr '-' expr
     | expr '*' expr
     | expr '/' expr
     | '(' expr ')'
     | NUM
     ;
```

யாழ்ப்பாணத்தில் பல வருடங்களாகக் கொம்பைலர் பாடம் படிப்பித்து வருகிறேன். இந்த இலக்கணத்தை எழுதாமல் அந்தப் பாடத்தைக் கடந்து போன மாணவரை நான் காணவில்லை. பார்த்தவுடன் இயல்பாகத் தோன்றுவதும் இதுதான்: ஒரு கோவை என்பது ஒரு எண், அல்லது இரண்டு கோவைகளைக் கூட்டியது, கழித்தது, பெருக்கியது, வகுத்தது. அதில் பொய் எதுவும் இல்லை. எந்தச் சரங்கள் சரியான கோவை, எவை இல்லை என்ற கேள்விக்கு உங்கள் இலக்கணம் முழுச் சரியான பதிலைத் தருகிறது. ஆனால் பில் போடுவதற்கு அந்தப் பதில் மட்டும் போதாது. கோவைக்குள் எது எதோடு சேர்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதைத்தான் மரம் காட்டுகிறது, உங்கள் இலக்கணம் அங்கேதான் கையை விரிக்கிறது.

உங்கள் விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு 5000 - 500 - 200 என்பதற்கு மரம் வரையுங்கள். உச்சியில் கழித்தல் விதியைப் போட வேண்டும் என்பது தெளிவு. ஆனால் எந்தக் கழித்தல்? கோவையில் இரண்டு கழித்தல் குறி இருக்கிறது. இரண்டாவதை உச்சிக்கு எடுத்தால் இடப்பக்கத்து மரம் கிடைக்கும், முதலாவதை எடுத்தால் வலப்பக்கத்து மரம்.

```
        expr                    expr
       /  |  \                 /  |  \
    expr  -  expr           expr  -  expr
   /  |  \     |              |     /  |  \
expr  -  expr 200           5000 expr  -  expr
  |        |                       |        |
5000      500                     500      200
```

இரண்டு மரத்தின் இலைகளையும் இடமிருந்து வலமாக வாசித்துப் பாருங்கள். இரண்டிலும் வருவது அதே 5000 - 500 - 200. இரண்டிலும் உங்கள் விதியைத் தவிர வேறெதுவும் பாவிக்கப்படவில்லை. ஆனால் இடப்பக்க மரம் முதலில் 4500 ஆகி, பிறகு 200 கழிந்து 4300 ஆகிறது. வலப்பக்க மரம் 500இலிருந்து 200ஐக் கழித்து 300 ஆக்கி, அதை 5000இலிருந்து எடுத்து 4700 ஆக்குகிறது. 5000 ரூபாய்ச் சாமானுக்கு 500 ரூபாய் கழிவு, 200 ரூபாய் முற்பணம் என்று வைத்தால், இந்த மரம் முற்பணத்தைத் திருப்பி வாடிக்கையாளரின் தலையிலேயே ஏற்றிவிடுகிறது.

ஒரு சூழல்சாரா இலக்கணத்தில் ஏதாவது ஒரு சரத்துக்கு இப்படி இரண்டு வேறு மரங்கள் வரைய முடிந்தால் அந்த இலக்கணம் மயக்கமுள்ளது, வகுப்பில் சொன்ன 'அம்பிகியூஸ்' இதுதான். ஒரேயொரு சரம் போதும். ஆகவே பரீட்சையில் 'மயக்கமுள்ளது எனக் காட்டுக' என்று வந்தால் மேலே உள்ள இரண்டு படத்தையும் வரைந்தாலே விடை முடிந்துவிடும். இந்த இடத்தில் ஒரு தவறு அடிக்கடி வரும். ஒரே சரத்தை விதிகளிலிருந்து வருவிக்கும்போது, சிலர் எப்போதும் இடப்பக்க உறுப்பை முதலில் விரித்து ஒரு வரிசையும், வலப்பக்க உறுப்பை முதலில் விரித்து இன்னொரு வரிசையும் எழுதி, 'இரண்டு வழி வந்துவிட்டது, ஆகவே மயக்கம்' என்பார்கள். அது நிரூபணம் ஆகாது. மயக்கம் துளியும் இல்லாத இலக்கணத்திலும் அந்த இரண்டு வரிசைகளும் வரும், இரண்டும் ஒரே மரத்தையே கட்டும். எந்த உறுப்பை எப்போது விரித்தோம் என்பது முக்கியமில்லை. முடிவில் கிடைக்கும் மரத்தின் வடிவம் வேறா என்பதுதான் கேள்வி. மரம் வரையாமல் வரிசையாகத்தான் எழுதுவேன் என்றால், இரண்டு வரிசையையும் இடப்பக்கத்தை முதலில் விரிப்பதாகவே எழுதுங்கள். அப்படி எழுதியும் இரண்டும் வேறுபட்டால் அது செல்லும்.

மரங்கள் இரண்டோடு நிற்பதுமில்லை. உங்கள் இலக்கணத்தில் மூன்று குறி உள்ள கோவைக்கு 5 மரம், நான்கு குறிக்கு 14. பத்துக் குறி உள்ள ஒரு நீளமான பில் வரிக்கு 16,796 மரம்.

சரி, இத்தனை மரம் இருக்க பைசன் ஏன் எப்போதும் 4700ஐத் தருகிறது, 2 + 3 * 4க்கு மட்டும் ஏன் சரியான விடை வருகிறது? உங்கள் கோப்பை பைசனிடம் கொடுத்தபோது இப்படி ஒரு வரி வந்திருக்கும்:

```
calc.y: warning: 16 shift/reduce conflicts [-Wconflicts-sr]
```

வெறும் எச்சரிக்கைதானே, புரோகிராம் ஓடுகிறதே என்று பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உங்கள் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. பைசன் உருவாக்கும் பார்சர் கோவையை இடமிருந்து வலமாகப் படித்து, படித்ததை ஒரு அடுக்கில் வைத்துக்கொண்டு போகும். 5000 - 500 வரை படித்து முடித்து, அடுத்து இரண்டாவது கழித்தல் குறியைக் காணும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அதன் முன் இரண்டு வழி உண்டு. அடுக்கில் இருக்கும் 5000 - 500ஐ ஒரு கோவையாகச் சுருக்கிவிட்டு மேலே போகலாம், அது இடப்பக்க மரம். அல்லது சுருக்காமல் அந்தக் கழித்தல் குறியையும் அடுக்கில் ஏற்றிக்கொண்டு போகலாம், அது வலப்பக்க மரம். உங்கள் இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது. இப்படி எதைச் செய்வது என்று தெரியாத இடத்தில், வேறு எதுவும் சொல்லப்படாவிட்டால், பைசன் ஏற்றுவதையே தேர்ந்தெடுக்கும். 16 எப்படி வந்தது என்றால், நான்கு குறிகளில் ஏதோ ஒன்றைக் கொண்ட கோவையைப் படித்து முடித்த நிலைகள் நான்கு, ஒவ்வொன்றிலும் அடுத்து வரக்கூடிய குறிகள் நான்கு.

எப்போதும் ஏற்றினால் என்ன நடக்கும்? எல்லாக் குறியும் வலப்பக்கமாகவே சேரும், பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் வேறுபாடே இருக்காது. 2 + 3 * 4 என்பது 2 + (3 * 4) ஆகி 14 வந்தது இதனால்தான். பெருக்கலுக்கு முன்னுரிமை என்பது உங்கள் பார்சருக்குத் தெரிந்து வந்த 14 அல்ல அது. பெருக்கல் தற்செயலாக வலப்பக்கத்தில் நின்றது, அவ்வளவுதான். இப்போதே 2 * 3 + 4 போட்டுப் பாருங்கள். வர வேண்டியது 10. உங்களுக்கு 2 * (3 + 4), அதாவது மறுபடியும் 14 வரும். ஆனபடியால் 2 + 3 * 4ஐ மட்டும் வைத்து ஒரு கணக்கு பார்சரைச் சோதிக்கவே கூடாது. பிழையான பார்சரும் தேறிவிடுகிற சோதனை அது.

இனி லெவல் பிரிக்கும் விஷயம். நீங்கள் பாடமாக்க விரும்பாத இலக்கணம் இதுதான்:

```
expr   : expr '+' term
       | expr '-' term
       | term
       ;
term   : term '*' factor
       | term '/' factor
       | factor
       ;
factor : '(' expr ')'
       | NUM
       ;
```

இதைப் பார்த்து, 'பெருக்கல் கீழே இருக்கிறது, கீழே இருப்பது முதலில் நடக்கும்' என்று மட்டும் மனதில் வைத்தால் பாதிதான் விளங்கியிருக்கிறது. இந்த இலக்கணத்தை ஒரு தடை உத்தரவாக வாசியுங்கள். `factor` என்பதற்குள் அடைப்புக்கு வெளியே எந்தக் குறியும் வர முடியாது. `term` என்பதற்குள் அடைப்புக்கு வெளியே பெருக்கலும் வகுத்தலும் வரலாம், கூட்டலும் கழித்தலும் ஒருபோதும் வர முடியாது. வேண்டுமானால் விதிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பாருங்கள்: `term` இலிருந்து கூட்டலை எட்டுவதற்கு ஒரேயொரு வழி, `factor` வழியாக ஓர் அடைப்புக்குள் நுழைவது. `expr` மட்டுமே கூட்டல் கழித்தலை வெளிப்படையாகக் கொண்டிருக்கலாம்.

இந்தத் தடையை வைத்துக்கொண்டு, பழைய வலப்பக்க மரத்தைக் கட்ட முயன்று பாருங்கள். முதலாவது கழித்தலை உச்சியில் வைக்கிறீர்கள். விதி `expr '-' term`. ஆகவே அதன் வலப்பக்கம் 500 - 200 என்பது ஒரு `term` ஆக வேண்டும். `term` இற்குள் அடைப்பில்லாமல் கழித்தல் வர முடியாது. மரம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டாவது கழித்தலை உச்சியில் வைத்தால் வலப்பக்கம் 200, அது `term` ஆகும். இடப்பக்கம் 5000 - 500, அது `expr` ஆகும். மரம் முடிகிறது, விடை 4300. அதேபோல 2 + 3 * 4 இல் பெருக்கலை உச்சிக்கு எடுக்கப் பார்த்தால் இடப்பக்கத்தில் 2 + 3 ஒரு `term` ஆக வேண்டியிருக்கும், அது முடியாது. தப்பான மரங்களை யாரோ தேடிப் பிடித்து நீக்கவில்லை. அவற்றைக் கட்டுவதற்கு விதியே இல்லாமல் போய்விட்டது.

இரண்டு கோவைக்குச் சரி, எல்லாக் கோவைக்கும் ஒரே மரம்தான் என்று எப்படி நம்புவது? நிரூபணம் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. ஏதாவது ஒரு கோவையை எடுத்து, அடைப்புக்கு வெளியே உள்ள கூட்டல் கழித்தல் குறிகளை மட்டும் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் உச்சியில் `expr : term` தவிர வேறு விதி பொருந்தாது. இருக்கிறதென்றால், உச்சியில் வரும் குறிக்கு வலப்பக்கம் ஒரு `term` இருக்க வேண்டும், `term` இற்குள் அப்படியான குறி வராது, ஆகவே உச்சிக்கு வருவது அவற்றுள் கடைசிக் குறியாகத்தான் இருக்க முடியும். எந்த விதி, எந்தக் குறி என்பதில் தெரிவே இல்லை. `term` இற்கும் பெருக்கல் வகுத்தலை வைத்து இதே வாதம். `factor` ஆனால் அடைப்பில் தொடங்குகிறதா எண்ணா என்பதைப் பார்த்தவுடனே தெரியும், அடைப்பென்றால் உள்ளே இருக்கும் சிறிய கோவைக்கு மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு படியிலும் ஒரே வழி இருப்பதால் முழு மரமும் ஒன்றே ஒன்று. இது முற்றாக உறுதியான பகுதி.

லெவல் பிரித்துவிட்டேன், இன்னும் பிழை வருகிறது என்று வருபவர்களின் தாளில் நான் காண்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள். முதலாவது, அரைகுறையாகப் பிரிப்பது:

```
expr : expr '+' expr
     | expr '-' expr
     | term
     ;
```

இதில் பெருக்கல் தனியாகிவிட்டதால் 2 * 3 + 4 சரியாகிவிடும். ஆனால் கழித்தலின் இரண்டு பக்கமும் `expr` இருப்பதால் 5000 - 500 - 200க்கு இரண்டு மரமும் அப்படியே இருக்கும். லெவல் பிரிப்பது வெவ்வேறு முன்னுரிமையுள்ள குறிகளுக்கு இடையில் உள்ள மயக்கத்தைத்தான் நீக்கும். ஒரே லெவலில் உள்ள குறிகளுக்கு இடையிலான மயக்கத்தை நீக்க, ஒரு பக்கத்தை அடுத்த லெவலுக்கு இறக்க வேண்டும். இது வேறு வேலை, இரண்டையும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, பிழையான பக்கத்தை இறக்குவது. `expr : term '-' expr` என்று எழுதினால் மயக்கம் போய்விடும், பைசனும் வாய் திறக்காது. ஆனால் கிடைக்கும் அந்த ஒரே மரம் வலப்பக்க மரம். உங்கள் 4700 எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரும்பி வரும். மயக்கம் இல்லை என்பதும் அர்த்தம் சரி என்பதும் வேறு வேறு. தன்னைத்தானே குறிக்கும் உறுப்பு விதியின் இடப்பக்கத்தில் இருந்தால் குறிகள் இடமிருந்து சேரும், வலப்பக்கத்தில் இருந்தால் வலமிருந்து சேரும். கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் நமக்கு வேண்டியது இடப்பக்கம்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்துப் பொட்மாஸ். அந்த எழுத்துகளின் ஒழுங்கை அப்படியே எடுத்து, வகுத்தலுக்கு ஒரு லெவல், பெருக்கலுக்கு ஒரு லெவல், கூட்டலுக்கு ஒரு லெவல், கழித்தலுக்கு ஒரு லெவல் என்று நான்காகப் பிரிப்பார்கள். அப்படிச் செய்தால் கூட்டல் கழித்தலைவிட இறுக்கமாகச் சேரும், 10 - 4 + 3 என்பது 10 - (4 + 3) ஆகி 3 வரும். வர வேண்டியது 9. வகுத்தலைத் தனியாக இறுக்கினால் இன்னும் மறைவான பிழை வரும்: முழுவெண் வகுத்தலில் 7 * 3 / 2 என்பது இடமிருந்து 21 / 2 ஆகி 10. வகுத்தல் முதலில் நடந்தால் 7 * 1 ஆகி 7. கூட்டலும் கழித்தலும் ஒரே லெவல், பெருக்கலும் வகுத்தலும் ஒரே லெவல், அந்த லெவலுக்குள் இடமிருந்து வலம். பொட்மாஸ் சொல்ல வந்ததும் இதுதான்.

பைசன் பாவிப்பவர் என்பதால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய இலக்கணத்தை மாற்றாமல், மேலே இந்த இரண்டு வரியைச் சேர்த்தாலும் 4300 வரும்:

```
%left '+' '-'
%left '*' '/'
```

கீழே எழுதிய வரிக்கு முன்னுரிமை கூட. ஏற்றுவதா சுருக்குவதா என்ற அந்த 16 இடங்களிலும், அடுக்கில் இருக்கும் விதியின் குறியையும் அடுத்து வரும் குறியையும் ஒப்பிட்டு, எது கூட என்று பார்த்து பைசன் முடிவெடுக்கும். சமமாக இருந்தால் `%left` என்று சொன்னபடி சுருக்கும். கடைப் புரோகிராமுக்கு இது நல்ல வழி, நான் இதைத் தாராளமாகப் பாவிக்கிறேன். ஆனால் இலக்கணம் இன்னும் மயக்கமுள்ளதாகவே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். முடிவெடுப்பது பைசன், இலக்கணம் அல்ல. பரீட்சையில் 'மயக்கத்தை நீக்கி எழுதுக' என்று கேட்டால் இந்த இரண்டு வரி விடையாகாது. இன்னொன்று, எங்கே முரண்பாடு வருகிறது என்று விளங்காமல் `%left` போட்டு எச்சரிக்கையை அடக்கினால், உண்மையான ஒரு பிழையும் சேர்ந்து அடங்கிவிடலாம். முதலில் எந்தக் கோவையில் மோதுகிறது என்று பாருங்கள். பைசன் 3.7 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் `bison -Wcounterexamples calc.y` என்று ஓட்டினால், மோதும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் உதாரணக் கோவையை எடுத்து, அதை இரண்டு விதமாகப் பிரித்தும் காட்டும். நீங்கள் கையால் வரைந்த இரண்டு மரமும் திரையில் வருவதைப் பார்ப்பது பிரயோசனமானது.

பைசன் இல்லாமல் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு ஃபங்ஷன் என்று கையால் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. `expr` ஃபங்ஷன் முதல் வேலையாகத் தன்னையே அழைத்தால் ஒரு டோக்கனும் படிக்காமல் முடிவின்றிச் சுழலும். அதைத் தவிர்க்க `term` ஒன்றைப் படித்துவிட்டு, கூட்டல் அல்லது கழித்தல் குறி வந்துகொண்டிருக்கும் வரை லூப்பில் அடுத்த `term` ஐப் படித்து, இதுவரை சேர்ந்ததன் வலப்பக்கத்தில் இணைத்துக்கொண்டு போங்கள். லூப்புக்குப் பதிலாக வலப்பக்கம் தன்னையே அழைக்கும்படி மாற்றினால் மரம் திரும்பிவிடும், 4700தான்.

இவ்வளவும் எண்கணிதக் கோவை போன்ற இலக்கணங்களுக்கு. எல்லா இலக்கணத்துக்கும் இப்படிச் செய்யலாமா என்றால், இல்லை. பைசன் எந்த முரண்பாடும் சொல்லவில்லை, `%left` போன்ற எதையும் நீங்கள் சேர்க்கவும் இல்லை என்றால் உங்கள் இலக்கணத்தில் மயக்கம் இல்லை, இது உறுதி. ஆனால் முரண்பாடு சொன்னால் மயக்கம் உண்டு என்று எடுத்துவிட முடியாது. ஒரு டோக்கன் மட்டும் முன்னால் பார்த்து முடிவெடுக்க முடியாத இலக்கணத்திலும் முரண்பாடு வரும், அதற்கு ஒவ்வொரு சரத்துக்கும் ஒரே மரமாக இருந்தாலும் கூட. எந்த இலக்கணத்தைக் கொடுத்தாலும் மயக்கமுள்ளதா இல்லையா என்று தவறாமல் சொல்லும் அல்கோரிதம் இருக்கவே முடியாது என்று 1962இல் டேவிட் கேன்டரும் ரொபர்ட் ஃபுளொய்டும் நிறுவினார்கள். அதற்கு முந்திய வருடம், 1961இல், எந்த இலக்கணத்தை எழுதினாலும் மயக்கம் விடாத மொழிகளும் உண்டு என்று ரோஹித் பாரிக் காட்டியிருந்தார். a சில, பிறகு b சில, பிறகு c சில வரும் சரங்களில், a உம் b உம் சம எண்ணிக்கை, அல்லது b உம் c உம் சம எண்ணிக்கை என்றுள்ளவற்றை மட்டும் கொண்ட மொழி அப்படிப்பட்டது. உங்கள் பில் கோவைகளுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

உங்களுக்கு அடுத்ததாக வரப்போகும் சிக்கல் வேறு. சாமானைத் திருப்பிக் கொடுத்தால் -500 என்று எழுத வேண்டியிருக்கும். அப்போது, ஒழுங்காகப் பிரித்து வைத்த இலக்கணத்தில் `expr : '-' expr` என்று ஒரு வரியைச் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் நீக்கிய மயக்கம் திரும்ப வந்துவிடும். -500 - 200 என்பதை எடுங்கள். புதிய விதியை உச்சியில் வைத்தால் -(500 - 200), அதாவது -300. கழித்தல் விதியை உச்சியில் வைத்தால் இடப்பக்கம் -500, வலப்பக்கம் 200, விடை -700. இரண்டு மரமும் கட்டுப்படும், ஏனென்றால் முன்னால் நிற்கும் கழித்தலுக்கு லெவல் கொடுக்காமல் உச்சியிலேயே விட்டுவிட்டீர்கள். `term` இற்கும் `factor` இற்கும் இடையில் அதற்கு ஒரு தனி லெவல் கொடுங்கள், `term` இன் விதிகளில் `factor` இருந்த இடங்களில் `unary` ஐப் போடுங்கள்:

```
term   : term '*' unary
       | term '/' unary
       | unary
       ;
unary  : '-' unary
       | factor
       ;
```

இப்போது -500 - 200க்கு -700 மட்டும்தான் வரும். பிறகொரு நாள் அடுக்கு ஏற்றும் `^` குறியையும் சேர்த்தால், அதை `unary` க்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். அதில் ஊருலகத்துக்கு ஒத்த கருத்து இல்லை. பைதனில் `-2**2` என்றால் -4, எக்செலில் `=-2^2` என்றால் 4. அடுக்குக் குறி இரண்டு முறை அடைப்பில்லாமல் வந்தாலும் அப்படித்தான்: `2**3**2` ஐப் பைதன் வலமிருந்து சேர்த்து 512 என்கிறது, `=2^3^2` ஐ எக்செல் இடமிருந்து சேர்த்து 64 என்கிறது. இரண்டிலும் மயக்கம் இல்லை, ஒவ்வொன்றும் தன் கோவைக்கு ஒரே மரத்தைத்தான் கட்டுகிறது. மாமாவின் கடையில் எக்செலில் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் இருந்தால் அதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மாற்றிய பிறகு 5000 - 500 - 200, 2 * 3 + 4, 10 - 4 + 3, 100 / 10 / 5, -500 - 200 ஆகிய ஐந்தையும் போட்டுப் பாருங்கள். வர வேண்டியவை முறையே 4300, 10, 9, 2, -700. ஒன்று பிழைத்தாலும் இலக்கணத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.